லெக்சர் வீடியோவுல ஸ்லைடு பாக்கறாங்களா, நாம பேசற மூஞ்சிய பாக்கறாங்களா – எத வெக்கறது, எத வெட்டறது?

வெண்ணாத்தங்கரை
எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல சிவில் எடுக்கறேன். இரிகேஷன் பேப்பருக்கு மொத்தம் 22 வீடியோ போட்டு வெச்சிருக்கேன், எல்லாமே முப்பது நாப்பது நிமிஷம். அடுத்த செம்முக்குள்ள எல்லாத்தையும் சின்னதா வெட்டி ஏத்தணும்னு முடிவு பண்ணிருக்கேன். என் வீடியோவுல ரெண்டு மாதிரி துண்டு மாறி மாறி வரும், ஒண்ணு கம்ப்யூட்டர் ஸ்க்ரீன ரெக்கார்டு பண்ணி ஸ்லைடு ஓட என் குரல் மட்டும் வரும், இன்னொண்ணு போன ஸ்டாண்டுல வெச்சு நான் நேரா பாத்து பேசுவேன்.

எங்க ஹெச்ஓடி "மூஞ்சி வர்ற எடத்த எல்லாம் எடுத்துரும்மா, பசங்களுக்கு ஸ்லைடு போதும்"ங்கறாரு. சரி கணக்கு பாப்போமேன்னு, செகண்டுக்கு ஒரு கன மீட்டர் தண்ணி எத்தன ஹெக்டேர் பாயும்ங்கற டியூட்டி, பயிருக்கு மொத்தம் எவ்வளவு ஆழத்துக்கு தண்ணி வேணும்ங்கற டெல்டா, இந்த ரெண்டும் இருக்கற 40 நிமிஷ வீடியோவ யூடியூப் ஸ்டுடியோவுல தெறந்து, எந்த நிமிஷத்துல எவ்வளவு சதவீதம் பாத்துருக்காங்கன்னு ஒரு கோடு வருமே, அதுலேந்து எழுதி எடுத்தேன். அறுநூறு வியூக்கு மேல இருக்கு, மத்த காலேஜ் பசங்களும் பாக்கறாங்க போல.

மூஞ்சி வர்ற துண்டுக்கு சராசரி 54%, ஸ்லைடுக்கு 48%. அப்ப மூஞ்சிதான் ஜெயிக்குது, ஸ்லைட கொறைக்கணும்னு அர்த்தமா? எனக்கே நம்ப முடியல, ஏன்னா பாடமே ஸ்லைடுலதான் இருக்கு.

கும்மோணம்காரன்
மேடம் இதுல சந்தேகமே வேணாம். நான் கும்பகோணத்துல அக்கவுண்ட்ஸ் கோச்சிங் நடத்துறேன், இத பத்தி 2014ல எடெக்ஸ்ங்கற ஆன்லைன் பாட தளத்தோட வீடியோக்கள வெச்சு பெரிய ஆராய்ச்சியே வந்துருக்கு, 69 லட்சம் தடவ பாத்த கணக்கு. வெறும் ஸ்லைட விட நடுநடுவுல டீச்சர் மூஞ்சி வந்தா அதிக நேரம் பாக்கறாங்க, பொதுவா ஆறு நிமிஷத்துக்கு மேல தாங்கறது இல்லன்னு அதுல தெளிவா இருக்கு. உங்க 54க்கும் 48க்கும் அது அப்படியே பொருந்துது. மூஞ்சிய வெச்சுக்கோங்க, எல்லாத்தையும் ஆறு ஆறு நிமிஷமா வெட்டுங்க, முடிஞ்சுது.

தரவு_தஞ்சை
மேடம், வெட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. நான் சில வருஷம் ஆன்லைன் பாட வீடியோக்களோட பார்வைக் கணக்கு பாக்கற வேலைல இருந்தேன், இதே 54–48 சண்டைய நெறய தடவ பாத்துருக்கேன். ஒரே கேள்விதான், உங்க மூஞ்சித் துண்டு எந்தெந்த நிமிஷத்துல வருது? ஒவ்வொரு துண்டும் ஆரம்பிக்கற எடத்துல எவ்வளவு, முடியற எடத்துல எவ்வளவுன்னு மட்டும் போடுங்க. சராசரி வேணாம்.

கும்மோணம் சார் சொன்ன ஆராய்ச்சி உண்மைதான், ஆனா ஆறு நிமிஷம்ங்கறது ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் உக்காந்து பாத்தாங்கங்கற அளவு, எவ்வளவு புரிஞ்சுதுங்கற அளவு இல்ல. அதுல இருந்தவங்க இஷ்டப்பட்டு இலவசமா சேந்தவங்க, புடிக்கலன்னா போயிருவாங்க. மேடமோட பசங்களுக்கு பரிட்சை இருக்கு. அத இங்க அப்படியே ஒட்ட முடியாது.

வெண்ணாத்தங்கரை
இந்தாங்க:

0:00 – 2:48 மூஞ்சி. வணக்கம், போன கிளாஸ் என்ன பாத்தோம். 100லேந்து 64.
2:48 – 14:00 ஸ்லைடு. டியூட்டின்னா என்ன, டெல்டான்னா என்ன. 64லேந்து 51.
14:00 – 16:00 மூஞ்சி. வெண்ணாத்து கரைல நின்னு எடுத்தது, பயிர்க் காலத்துக்கும் பேஸ் பீரியடுக்கும் என்ன வித்தியாசம்னு. 51லேந்து 50.
16:00 – 27:12 ஸ்லைடு. ஃபார்முலா எப்படி வருது, ஒரு கணக்கு. 50ல ஆரம்பிச்சு 19:12 கிட்ட 71க்கு ஏறுது, அப்பறம் எறங்கி 43.
27:12 – 30:00 மூஞ்சி. அசைன்மென்ட், இன்டர்னல் தேதி. 43லேந்து 29க்கு விழுந்து மறுபடி 41.
30:00 – 40:00 ஸ்லைடு. ரெண்டாவது கணக்கு. 41லேந்து 30.

தரவு_தஞ்சை
இப்ப பாருங்க, விஷயம் கண்ணு முன்னாடியே இருக்கு.

பெரும்பாலான வீடியோவுல கோடு மேலேந்து கீழதான் வரும், போனவங்க போனவங்கதான். அதனால முன்னாடி வர்ற துண்டுக்கு பொதுவா பெரிய நம்பர், பின்னாடி வர்றதுக்கு சின்ன நம்பர். உங்க முதல் மூஞ்சித் துண்டு வாசல்லயே நிக்குது, வீட்டுக்குள்ள வந்த எல்லாரும் அத தாண்டித்தான் வரணும். அந்த 2:48ஐ மட்டும் ஒதுக்கிட்டு மிச்சம் ரெண்டு மூஞ்சித் துண்டுக்கு சராசரி போட்டுப் பாருங்க, 40 கிட்ட வரும். அப்ப 48 வாங்கின ஸ்லைடு ஜெயிச்சுரும். ஒரு துண்ட எடுத்தா தீர்ப்பே மாறுதுன்னா அந்த சராசரிய வெச்சு எதையும் வெட்டக்கூடாது.

உயரத்த பாக்காதீங்க, சரிவ பாருங்க. துண்டு தொடங்கறப்ப உள்ள இருந்தவங்கள்ல நிமிஷத்துக்கு எத்தன பேரு எந்திரிச்சு போனாங்கங்கறதுதான் கணக்கு. முதல் மூஞ்சித் துண்டுல 100ல 36 பேரு 2.8 நிமிஷத்துல போயிட்டாங்க, நிமிஷத்துக்கு 13 பேரு. அடுத்த ஸ்லைடுல 64ல 13 பேரு போக 11 நிமிஷம் ஆயிருக்கு, நிமிஷத்துக்கு 2% கூட இல்ல. வெண்ணாத்து கரை துண்டுல 51ல ஒரே ஒரு ஆளு, ரெண்டு நிமிஷத்துக்கு. மொத்த வீடியோவுலயே ஜனங்க கெட்டியா உக்காந்து பாத்த எடம் அதுதான்.

ஆக மோசமானதும் மூஞ்சித் துண்டுதான், ரொம்ப நல்லதும் மூஞ்சித் துண்டுதான். அப்ப மூஞ்சியா ஸ்லைடாங்கறது இங்க காரணமே இல்ல, அந்த நேரத்துல என்ன சொன்னீங்கங்கறதுதான் காரணம். வணக்கமும் போன கிளாஸ் கதையும் ஸ்லைடுல சொல்லிருந்தாலும் போயிருப்பாங்க. (தொடக்கத்துல கொஞ்சம் பேரு எப்படியும் போவாங்க, தப்பா தொட்டவங்க, வேற வீடியோ தேடினவங்க. 36 முழுசும் உங்க வணக்கத்து மேல போடாதீங்க.)

திருத்துறைப்பூண்டி_பாசஞ்சர்
மேடம் நான் வேற காலேஜ், ஆனா உங்க வீடியோ பாத்துத்தான் அந்த பேப்பர் கிளியர் பண்ணேன், நன்றி. ஒரு விஷயம் சொல்லணும். நான் தெனம் திருத்துறைப்பூண்டிலேந்து திருவாரூர் பஸ்ல போறவன், காலைல நிக்கதான் எடம் கெடைக்கும், ஒரு கைல கம்பி, போனு சட்டப் பைல, காதுல இயர்போன். வீடியோ ஓடிட்டு இருக்கும் ஆனா நான் பாக்கறது இல்ல, கேக்கறேன். உங்க கோட்டுல அது பாத்ததாத்தான் விழும். அந்த ஆத்தங்கரை துண்டு கேட்டே புரிஞ்சுது. ஸ்லைடுல நீங்க "இந்த எடத்துல இத இங்க கொண்டு போனா இது வரும்"னு சொல்றப்ப எத எங்கன்னு ஒண்ணும் புரியாது, ரூமுக்கு வந்து மறுபடி அதே எடத்த போட்டு பாப்பேன். 19வது நிமிஷத்துல ஏறுதுன்னு சொன்னீங்களே அதுல நானும் ஒருத்தன்.

இன்னொண்ணு, ஸ்லைடு வந்தா நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அத வெச்சே நோட்டுல எழுதுவோம். பத்து நிமிஷம் எழுதினாலும் உங்க கணக்குல வராது.

கும்மோணம்காரன்
19வது நிமிஷம் ஏறுதுன்னா அங்க ஜனங்களுக்கு ரொம்ப புடிச்சிருக்குன்னுதானே அர்த்தம். கோடு ஏறுற எடம்தான் தங்கம், அத தொடவே கூடாது. நான் என் சேனல்ல அப்படித்தான் பண்றேன், ஏறுற எடத்த வெட்டி தனியா சின்ன வீடியோவா போடுவேன்.

தரவு_தஞ்சை
சார், பாட்டு வீடியோவுக்கு அது சரி. பாட வீடியோவுல ஏத்தத்துக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, வேணும்னு திரும்ப வந்தாங்களா, புரியாம திரும்ப வந்தாங்களா. கோட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்த எடெக்ஸ் வீடியோக்கள வெச்சே 2014ல இன்னொரு ஆய்வும் வந்துது, 862 வீடியோ. திரும்பத் திரும்ப பாத்த எடங்கள வகைப்படுத்திப் பாத்ததுல 61% எடத்துல திரைல காட்சி மாறிருக்கு, ஸ்லைடு போய் மூஞ்சி வர்றது, ஒரு ஸ்லைடு போய் அடுத்தது வர்றது இந்த மாதிரி. அதாவது பாத்துட்டு இருந்தது கண்ணு முன்னாடிலேந்து போனதும் ஜனங்க பின்னாடி இழுத்து பாக்கறாங்க.

மேடம், 18:40லேந்து 19:40 வரைக்கும் நீங்களே ஒரு தடவ போட்டு பாருங்க. சத்தத்த அணைச்சுட்டு ஒரு தடவ, திரைய மூடி வெச்சுட்டு சத்தம் மட்டும் ஒரு தடவ.

இன்னொரு எச்சரிக்கை. யூடியூப் தர்ற கணக்கு வீடியோவ நூறு பங்கா பிரிச்சு பங்குக்கு ஒரு நம்பர். உங்க 40 நிமிஷத்துல ஒரு பங்கு 24 செகண்டு. அரை நிமிஷத் துண்டு எதையும் இதுல தனியா பாக்க முடியாது, பக்கத்து துண்டோட கலந்துரும். உங்க ரெண்டு நிமிஷ ஆத்தங்கரைக்கு அஞ்சு புள்ளி இருக்கு, அது போதும். கைல எழுதாம மொத்தமா எடுக்கணும்னா அனலிட்டிக்ஸ் ஏபிஐல இப்படி கேக்கலாம்:

```
ids=channel==MINE
startDate=YYYY-MM-DD
endDate=YYYY-MM-DD
metrics=audienceWatchRatio
dimensions=elapsedVideoTimeRatio
filters=video==VIDEO_ID
```

வர்ற நம்பர்ல 0.5ன்னா 50%. ஒரு எடத்த நெறய பேரு திரும்பப் பாத்தா 1ஐ தாண்டவும் செய்யும், பயந்துராதீங்க. தேதிய மாத்தி ரெண்டு தடவ எடுங்க, பாடம் நடந்த வாரம் தனியா, பரிட்சைக்கு முந்தின வாரம் தனியா. ரெண்டு வாரமும் பாக்கறவங்க ஒரே ஆளுங்களா இருந்தாலும் வந்த வேல வேற.

பழைய_கரும்பலகை
திருவையாத்துலேந்து எழுதறேன், கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன். நீங்க பேசறது எல்லாம் திரைக் கணக்கு, எனக்கு பாதி புரியுது. ஆனா 19வது நிமிஷம் ஏன் ஏறுதுன்னு நான் வீடியோவ தொறந்து பாத்தேன் அம்மா, மூணே செகண்டுல புரிஞ்சுருச்சு. நீங்க ரெண்டு பக்கத்தையும் சமன் பண்ணி எழுதிட்டு "பத்தாயிரத்த அங்க கொண்டு போனா 8.64 வந்துருது"ன்னு சொல்லிட்டே ஸ்லைட மாத்திட்டீங்க. அந்த ஒரு வரி போர்டுல எழுத எனக்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்துலதான் பையன் யோசிப்பான். சாக்பீஸு நம்ம வேகத்த கட்டுப்படுத்தும், ஸ்லைடுக்கு அந்த கடிவாளம் கெடையாது.

வெண்ணாத்தங்கரை
ஐயா சொன்னது அப்படியே சரி. சத்தத்த அணைச்சுட்டு பாத்தேன். இதுதான் அந்த ஸ்லைடு:

```
1 × B × 86400 = D × 10^4 × Δ
Δ = 8.64 B / D
```

முதல் வரி திரைல 40 செகண்டு நிக்குது, ரெண்டாவது வரி வந்து நாலு செகண்டுல அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டேன். அடுத்த ஸ்லைடுல நேரா கணக்கு, பேஸ் பீரியடு B 120 நாள், டியூட்டி D 864, டெல்டா 1.2 மீட்டர். ஃபார்முலா திரைலயே இல்லாம கணக்க போட்டுட்டு இருக்கேன். பசங்க எங்க போவாங்க, பின்னாடிதான் இழுக்கணும். இத்தன நாள் அந்த ஏத்தத்த பாத்து பசங்க ஃபார்முலாவ ஆசையா படிக்கறாங்கன்னு நெனச்சு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன், மனசு கஷ்டமா இருக்கு.

தேதி பிரிச்சும் எடுத்தேன். 19வது நிமிஷ ஏத்தம் ரெண்டு வாரத்துலயும் இருக்கு. ஆனா அந்த அசைன்மென்ட் துண்டுல வர்ற பள்ளம் பாடம் நடந்த வாரத்துல இல்லவே இல்ல, 44லேந்து 42தான். பரிட்சை வாரத்துலதான் கெணறு மாதிரி எறங்கிருக்கு.

தரவு_தஞ்சை
ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. அந்த பள்ளத்த பத்தி ஒண்ணு சொல்லிடறேன். கோடு எறங்கி எறங்கினபடியே இருந்தா ஆளு வெளில போயிட்டாங்கன்னு அர்த்தம். எறங்கி மறுபடி பழைய உயரத்துக்கு வந்தா தாண்டி குதிச்சிருக்காங்க, வீடியோவ விட்டு போகல. 43, 29, அப்பறம் 41. பதினாலு பேரு குதிச்சாங்க, அதுல பன்னெண்டு பேரு அந்தப் பக்கம் எறங்கிட்டாங்க. முடிஞ்சு போன அசைன்மென்ட் தேதிய பரிட்சை வாரத்துல யாரு கேப்பா. அத மூஞ்சி புடிக்கலன்னு எடுத்துக்காதீங்க, வாட்ஸாப்புல போட வேண்டிய சேதி வீடியோவுக்குள்ள மாட்டிக்கிச்சு.

ஸ்டுடியோ எடிட்டர்லயே அந்த 2:48ஐ எடுக்கலாம், லிங்க் மாறாது. ஆனா வெட்டறதுக்கு முன்னாடி இந்த நம்பர் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க, வெட்டினா நிமிஷக் கணக்கு நகந்துரும், பழச புதுசோட வெச்சு பாக்க முடியாது.

நாகை_செல்வி
நான் ஒரு கேள்வி கேக்கலாமா. மூலைல சின்னதா வட்டத்துல டீச்சர் மூஞ்சி வருமே, அத பத்தி பேசறீங்கன்னு நெனச்சுத்தான் படிக்க ஆரம்பிச்சேன். என் தம்பிக்கு காது சரியா கேக்காது, மெஷின் போட்டுருக்கான், அதோட வாயசைவையும் பாத்துத்தான் பாடம் புரிஞ்சுக்குவான். வெறும் ஸ்லைடு ஓடுற வீடியோவ அவன் ரெண்டு நிமிஷத்துல மூடிருவான். யூடியூப்ல தானா வர்ற தமிழ் எழுத்துல டியூட்டி, டெல்டா மாதிரி வார்த்தை எல்லாம் தப்புத் தப்பா வருது. ஹெச்ஓடி சொல்றாருன்னு மூஞ்சிய மொத்தமா எடுத்துராதீங்க மேடம், அறுநூறு பேருல அவன மாதிரி ரெண்டு பேரு இருந்தா உங்க கோட்டுல தெரியவே மாட்டாங்க.

தரவு_தஞ்சை
செல்வி அக்கா, மேடம் கேட்டது வேற, மாறி மாறி வர்ற துண்டு பத்தி. ஆனா நீங்க சொன்னது அத விட முக்கியம். இந்தக் கோடு கூட்டத்தோட கணக்கு, ஒருத்தனுக்கு அது இல்லாம முடியாதுங்கறத அது சொல்லாது.

மூல வட்டம் பத்தி கேட்டதால சொல்றேன். 2014லயே கண்ணு எங்க போகுதுன்னு கருவி வெச்சு அளந்தாங்க. ஸ்லைடு பக்கத்துல மூஞ்சி வெச்சா பாக்கறவங்க 41% நேரம் மூஞ்சியத்தான் பாத்தாங்க, 3.7 செகண்டுக்கு ஒரு தடவ கண்ணு அங்கயும் இங்கயும் தாவுது. மூஞ்சி இருக்கறது புடிச்சிருக்குன்னு சொன்னாங்க, ஆனா அப்பறம் கேள்வி கேட்டா ஞாபகத்துல வித்தியாசம் இல்ல. அதனால சூத்திரம் வர்ற எடத்துல வட்டம் வேணாம்னு நான் சொல்வேன். உங்க தம்பிக்கு இது பொருந்துமான்னா பொருந்தாது, அவனுக்கு மூஞ்சிதான் பாடம் கேக்கற வழி.

கும்மோணம்காரன்
சரி நான் ஒத்துக்கறேன், சராசரிய பாத்து அவசரப்பட்டு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன் சார், ஆத்தங்கரை துண்டு ஏன் அவ்வளவு நல்லா நின்னுச்சு? அதுல மேடம் மூஞ்சி இருக்குல்ல. அது மூஞ்சியோட பலன் இல்லன்னு எப்படி சொல்றீங்க?

தரவு_தஞ்சை
இல்லன்னு சொல்ல முடியாது சார், ஆமான்னும் சொல்ல முடியாது. அங்க மூஞ்சியும் இருக்கு, ஆறும் இருக்கு, நல்ல விஷயமும் இருக்கு. மேடம் அதுல எத்தன நேரம் கேமராவ பாக்கறாங்க, எத்தன நேரம் வெண்ணாத்த காட்டறாங்க?

வெண்ணாத்தங்கரை
பாதிக்கு மேல கை காட்டிட்டுத்தான் பேசறேன். ஜூன் 12 மேட்டூர் தெறப்பாங்க, ஜனவரி 28 மூடுவாங்க, அதான் வழக்கம், ஆனா நம்ம வயலுக்கு முதல் தண்ணி பாஞ்ச நாள்லேந்து கடைசி தண்ணி பாஞ்ச நாள் வரைக்கும்தான் பேஸ் பீரியடு, அறுப்புக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்தி வயல காய விடுவோம்ல அந்த நாளு எல்லாம் பயிர்க் காலத்துல சேரும் இதுல சேராதுன்னு சொல்லி, பின்னாடி காஞ்சுட்டு இருந்த வயல காட்டுவேன். பாதி பசங்க விவசாயி வீட்டுப் புள்ளைங்க, அவங்க அப்பா பண்றது என்னன்னு அவங்களுக்குத் தெரியும், அதுக்கு பாடத்துல என்ன பேருன்னுதான் தெரியாது.

தரவு_தஞ்சை
அப்ப இத பிரிச்சுப் பாக்கணும்னா ஒரே வழிதான். அதே ரெண்டு நிமிஷம், அதே வார்த்தை, அதே குரல். ஒரு வீடியோவுல ஆத்தங்கரை, இன்னொண்ணுல வயல் போட்டோவும் ஒரு கோடும் போட்ட ஸ்லைடு. ரெண்டும் 14வது நிமிஷத்துலயே வரணும். ஏ செக்ஷனுக்கு ஒரு லிங்க், பி செக்ஷனுக்கு ஒரு லிங்க், ரெண்டும் அன்லிஸ்டட். அடுத்த நாள் கிளாஸ்ல முன்கூட்டி சொல்லாம ஒரே ஒரு கேள்வி, பயிர்க் காலம் இவ்வளவு, கடைசி தண்ணி இந்த நாள், பேஸ் பீரியடு எத்தன நாள்னு.

செக்ஷனுக்கு எத்தன பேரு?

வெண்ணாத்தங்கரை
58, 61.

தரவு_தஞ்சை
அப்ப ஒரு ஆளுன்னாலே ஒண்ணே முக்கால் சதவீதம் கிட்ட. நாலஞ்சு சதவீத வித்தியாசம் வந்தா அது ரெண்டு மூணு பசங்க, அன்னிக்கு பஸ் லேட்டா வந்தாலே மாறிரும். இருவது முப்பதுன்னு வந்தாத்தான் பேச முடியும். ஒரு செக்ஷன் எப்பவுமே நல்லா படிக்கற செக்ஷனா இருந்தா அதையும் கணக்குல வெக்கணும், அடுத்த பாடத்துக்கு லிங்க மாத்திக் குடுங்க.

வெண்ணாத்தங்கரை
சரி, இப்போதைக்கு நான் பண்ணப் போறது இது. முதல் 2:48ல வணக்கத்தையும் பழைய கதையையும் எடுத்துட்டு நேரா "ஒரு கியூமெக் தண்ணி எத்தன ஹெக்டேர் பாயும்"னு கேட்டு ஆரம்பிக்கறேன். அசைன்மென்ட் துண்டு போகுது. ஆத்தங்கரை இருக்கட்டும். ஃபார்முலா ஸ்லைட வெட்டல, மறுபடி ரெக்கார்டு பண்றேன், ஐயா சொன்ன மாதிரி டேப்ல கையால ஒவ்வொரு வரியா எழுதி, அந்த ஃபார்முலாவ கணக்கு முடியற வரைக்கும் மேல ஓரத்துல வெச்சுருவேன். பஸ்ல கேக்கற தம்பிக்காக "இது அது"ன்னு சொல்லாம "டெல்டா ஈக்குவல் டு 8.64 பி பை டி"ன்னு வாயாலயும் முழுசா சொல்றேன்.

செல்வி அக்கா தம்பி விஷயத்துக்குத்தான் எனக்கு வழி தெரியல. ஃபார்முலா வர்ற எடத்துல மூஞ்சி வேணாம்னா அவன் அந்த பதினோரு நிமிஷமும் என்ன பண்ணுவான்?

நாகை_செல்வி
மேடம், தப்பில்லாம எழுத்து போட்டாலே போதும் அவனுக்கு. நீங்க பேசறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுக்கிட்டுத்தானே பேசறீங்க, அந்த பேப்பர அப்படியே ஏத்துனா ஆகாதா?

வெண்ணாத்தங்கரை
எழுதி வெக்கறது இல்லங்க, மனசுலேந்துதான் பேசறேன். ஆனா அந்த பதினோரு நிமிஷத்துக்கு மட்டும் எழுதிடறேன். எழுதினத பாத்து படிச்சா குரல் செத்துப் போகுமோன்னு பயம் இருக்கு, ரெக்கார்டு பண்ணிட்டு இங்க போடறேன், தம்பிய பாக்கச் சொல்லுங்க.

பழைய_கரும்பலகை
எழுதிட்டு பேசாதீங்க அம்மா, பேசிட்டு எழுதுங்க. அப்ப குரலும் இருக்கும், எழுத்தும் இருக்கும். பேசறத கேட்டு தட்டச்சு பண்ண நேரம் இல்லன்னா எனக்கு அனுப்புங்க, நான் வீட்டுல சும்மாத்தான் இருக்கேன், பதினோரு நிமிஷம் எனக்கு ஒரு மத்தியான வேல.